தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் மின்சாரம்

சென்னையின் தெற்கே வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பகுதிகளில் பழைய வீடுகளுக்குள் போனால், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை இன்னும் சிலர் விரல் வைத்துக் காட்டுவார்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது விழுந்த கோடு ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போட்டுவிட்டுப் போன கோடு இன்னொன்று. இரண்டுக்கும் மேலே பலமுறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. வாசலில் கட்டைச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள், கட்டிலை உயர்த்தியிருக்கிறார்கள், பீரோவுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறார்கள். ஆனால் டிவிக்குப் பின்னாலும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலும் இருக்கும் பிளக் பாயின்ட் மட்டும், வீடு கட்டிய நாளில் வைத்த அதே ஒன்றரை அடி உயரத்தில், கோட்டுக்குக் கீழேயே இருக்கிறது.

அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் பாதி மட்டும் செய்தால் பயன் இல்லை. பிளக்கை மேலே தூக்கிவிட்டு, அதற்குப் போகும் வயரைத் தரைக்கு அடியிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பாதி வேலை. வெள்ளம் வரும் வீட்டில் பிளக்கின் உயரத்தைப் போலவே, வயர் எந்த வழியாக அதற்கு வருகிறது என்பதும் முக்கியம்.

காரணம் நம் வீடுகளில் வயரிங் செய்யப்படும் முறையில் இருக்கிறது. கான்கிரீட் கூரை போடும்போதே அதற்குள் பிவிசி பைப் பதித்து, ஃபேன் பாக்ஸிலிருந்து சுவர் வழியாக சுவிட்ச்போர்டுக்கு இறக்குவார்கள். இந்தப் பாதை மேலிருந்து கீழே வருவது. அதில் தண்ணீர் தேங்க இடமில்லை. 15 ஆம்ப்ஸ் பவர் பிளக்குகளின் கதை வேறு. கூரையில் பைப் போட மறந்திருந்தாலோ, பிறகு சேர்த்த பாயின்டாக இருந்தாலோ, டைல்ஸ் போடுவதற்கு முன் தரையிலேயே பைப்பை ஓட்டி, அடுத்த சுவரில் ஒரு அடி ஏற்றி முடித்துவிடுவார்கள். அந்தப் பைப் தரைக்குள் படுத்து இரண்டு பக்கமும் மேலே எழுகிறது. ஒரு முனை வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியேற வழியில்லை. வீடு காய்ந்து, சுவர் காய்ந்து, பொங்கல் முடிந்த பிறகும் பைப்புக்குள் சேற்றுத்தண்ணீர் நிற்கும்.

வயரின் மேலுறை நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர் அதை உடனே ஒன்றும் செய்துவிடாது. சிக்கல் முனைகளில்தான். இப்போதைய வீட்டு வயர்கள் பல மெல்லிய செப்புக் கம்பிகளைச் சேர்த்துத் திரித்தவை. மூழ்கிய பிளக் பாக்ஸில் அந்த முனை திறந்திருந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் கம்பிகளின் இடுக்கு தண்ணீரை உறைக்குள் இழுத்துக்கொள்கிறது. சில மாதம் கழித்து அந்த முனையை வெட்டிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்தோ கறுத்தோ இருக்கும். அங்கே மின்தடை கூடும், பிளக் சூடாகும், ஒரு நாள் வெயில் காலத்தில் ஃபிரிட்ஜ் பிளக் கருகும். வெள்ளத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றாது.

எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்ய, வீட்டின் சொந்தக் கோடுதான் நல்ல அளவுகோல். வீட்டுக்குள் இதுவரை நின்ற அதிகபட்சத் தண்ணீர் மட்டத்தைத் தரையிலிருந்து அளந்து, அதற்கு மேல் குறைந்தது ஒரு அடி சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் வெள்ளப் பகுதிகளுக்கான கட்டட விதிகளும் கணக்கிட்ட வெள்ள மட்டத்துக்கு மேல் ஒரு அடியை இப்படி ஒதுக்கிவைக்கின்றன. இங்கே அந்த ஒரு அடிக்கு இரண்டு வேலை இருக்கிறது. தெருவில் ஒரு லாரி போனாலே வீட்டுக்குள் அலை எழும். அது ஓய்ந்த பிறகும் செங்கல் சுவரும் பூச்சும் ஈரத்தை மேலே உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோட்டுக்கு நான்கு விரல் மேலே வைத்த பாக்ஸ் தண்ணீரில் மூழ்காமலேயே ஈரமாகிவிடும். அளவை எப்போதும் பாக்ஸின் கீழ் விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும், நடுவிலிருந்து அல்ல.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். முடிச்சூர்ப் பக்கத்தில் தரைத்தளம் மட்டும் உள்ள, இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. மொட்டை மாடிக்குப் படியும், படி முடியும் இடத்தில் ஒரு சிறு அறையும் உண்டு. உள்ளே நின்ற தண்ணீரின் கோடு 3 அடியில் இருக்கிறது. சுவிட்ச்போர்டுகளின் கீழ் விளிம்பு 4 அடியில். வாசலுக்குப் பக்கத்தில் எம்சிபி பெட்டி 5 அடியில். டிவி பிளக் ஒன்றரை அடி, ஃபிரிட்ஜ் பிளக் ஒரு அடி, படுக்கைப் பக்கத்துப் பிளக்குகள் இரண்டு அடி, பின்கட்டில் வாஷிங் மெஷின் பிளக் மூன்று அடி. இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஹால் மூலையில் தரையில். வெளியே சம்ப் மோட்டாரும் கேட் விளக்கும்.

இங்கே எல்லாச் சுவரையும் உடைக்க வேண்டியதில்லை என்பதுதான் முதல் செய்தி. சுவிட்ச்போர்டுகள் கோட்டுக்கு ஒரு அடி மேலே இருக்கின்றன. வயரும் கூரையிலிருந்து இறங்குகிறது. அவை இருந்த இடத்திலேயே இருக்கலாம். அவற்றை ஐந்தரை அடிக்கு ஏற்றினால் குழந்தைகளுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும், கை தூக்க முடியாத பெரியவர்களுக்கும் விளக்குப் போடுவதே பாடாகிவிடும். மாற்ற வேண்டியது அந்த போர்டுகளின் அடிப்பக்கத்திலிருந்து கீழே இறங்கும் பைப்புகளை.

டிவி பிளக்கை சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னாலேயே 5 அடியில் வைத்துவிடலாம், கண்ணுக்கும் தெரியாது. ஃபிரிட்ஜ் பிளக்குக்கும் 5 அடி சரியான உயரம். ஃபிரிட்ஜின் வயர் கீழிருந்து கிளம்பினாலும் பெரும்பாலும் அந்த உயரத்துக்கு எட்டும். வேலைக்கு முன் அந்த வயரை ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும். தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்ததும் குனியாமல், அலமாரியை நகர்த்தாமல் பிடுங்கிவிடலாம் என்பது கூடுதல் நன்மை. வாஷிங் மெஷின் பிளக்கை நாலரை அடிக்கு ஏற்றினால் போதும்.

படுக்கைப் பக்கத்துப் பிளக்கில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அதை நாலரை அடிக்குத் தூக்கினால், ஒரு வாரத்தில் அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இறங்கி, போன் சார்ஜ் போடுவதற்காகக் கட்டிலுக்கு அடியில் தரையில் கிடக்கும். இரண்டு அடியில் இருந்த மின்சாரம் இப்போது தரைக்கே வந்துவிட்டது, முன்பைவிட மோசம். மக்கள் எங்கே பயன்படுத்துவார்களோ அங்கே பிளக் இருக்கத்தான் வேண்டும். அதனால் அந்த இரண்டு பிளக்குகளையும் தாழ்வாகவே விட்டு, அவற்றுக்கு மேலிருந்து வயர் இறக்கி, தனி சர்க்யூட்டில் சேர்ப்பது நல்ல தீர்வு. சம்ப் மோட்டாரும் கேட் விளக்கும் அதே வகைதான். உயர்த்த முடியாதவை எல்லாம் ஒரு குழு. மற்றவை இன்னொரு குழு.

இப்படிப் பிரிப்பதற்கு எம்சிபி பெட்டியில் இரண்டு ஆர்சிசிபி தேவைப்படும். இது 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. எம்சிபி வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. பல வீடுகளில் மொத்த வீட்டுக்கும் ஒன்றே ஒன்று இருக்கும். மழை நாளில் கேட் விளக்கில் ஈரம் இறங்கினால் வீடு முழுவதும் இருண்டுவிடும். மூன்று முறை அப்படி ஆனதும் யாராவது அதைச் சுற்றி நேரடியாக வயர் கொடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாதுகாப்பு இல்லை. தாழ்வான பாயின்டுகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று வைத்தால் கேட் விளக்கின் கோளாறு கேட் விளக்கோடு நின்றுவிடும்.

ஆனால் பழைய வீட்டில் இரண்டு ஆர்சிசிபி வைக்கும்போது ஒரு குறிப்பிட்ட சிக்கல் அடிக்கடி எழும். ஆர்சிசிபி வேலை செய்யும் விதம் எளிது: ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் அத்தனையும் தன்னுடைய நியூட்ரல் வழியாகவே திரும்ப வேண்டும், குறைந்தால் எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். பழைய வயரிங்கில், பக்கத்து போர்டிலிருந்து நியூட்ரலை இழுத்துக் கொடுத்திருப்பார்கள். "நியூட்ரல் எல்லாம் ஒண்ணுதானே சார்" என்பது சைட்டில் அடிக்கடி காதில் விழும் வாசகம். ஒரு ஆர்சிசிபி வழியாகப் போன மின்சாரம் இன்னொன்றின் நியூட்ரல் வழியாகத் திரும்பினால், கசிவே இல்லாமல் இரண்டும் விழும். கண்டுபிடிப்பது எளிது: எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது ஆர்சிசிபி நிற்கும், குறிப்பிட்ட ஒரு விளக்கையோ பிளக்கையோ போட்டதும் விழும். கருவி கெட்டுவிட்டது என்று மாற்றினாலும் மீண்டும் விழும். அந்தப் பாயின்டின் நியூட்ரலைத் தேடி அதன் சொந்தக் குழுவில் சேர்ப்பதுதான் வைத்தியம்.

இனி வயரின் பாதை. கூரையில் இருக்கும் பழைய பைப்பில் புதிய பவர் வயரைச் செலுத்தலாமா என்று முதலில் பார்ப்பார்கள். பெரும்பாலும் முடியாது. ஏற்கெனவே நிரம்பிய பைப்பில் 2.5 சதுர மி.மீ. வயர்கள் மூன்றை வலுக்கட்டாயமாக இழுத்தால் உறை உரியும். அதனால் எம்சிபி பெட்டியிலிருந்து மேலே ஏறி, சுவரும் கூரையும் சேரும் மூலையை ஒட்டிப் பிவிசி கேசிங் ஓடி, ஒவ்வொரு பிளக்குக்கும் நேர் மேலே வந்து, அங்கிருந்து செங்குத்தாக இறங்குவது நல்லது. கேசிங் அழகாக இல்லை என்று சிலர் தயங்குவார்கள். வெள்ளப் பகுதியில் அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: மூடியைக் கழற்றினால் வயர் முழுதும் கண்ணுக்குத் தெரியும், காற்றுப் படும், காயும்.

சுவருக்குள்தான் பதிக்க வேண்டும் என்றால், கூரையிலிருந்து பிளக் வரை நேர்கோடாக மட்டும் வெட்ட வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் கிடைமட்டமாக நீளப் பள்ளம் வெட்டுவது சுவரின் பலத்தைக் குறைக்கும். பிளக்குக்கு நேர் மேலே வயர் இருக்கும் என்று தெரிந்தால், பிற்காலத்தில் படம் மாட்ட ஆணி அடிப்பவரும் அந்தக் கோட்டைத் தவிர்ப்பார். மூலைவிட்டமாகக் குறுக்கே ஓடும் வயர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு இறக்கமும் அந்தந்தப் பிளக்கோடு முடிய வேண்டும் என்பது அடுத்த விதி. ஒரு தாழ்வான பிளக்கிலிருந்து அடுத்த தாழ்வான பிளக்குக்குத் தரையோடு வயர் இழுத்தால், ஒன்றில் புகுந்த தண்ணீர் இன்னொன்றுக்கும் போகும். பழுது எதில் என்றும் தெரியாது. வயர்களை ஒட்டுவது கூரைப் பக்கத்துப் பெட்டியிலோ உயரமான சுவிட்ச்போர்டுக்குள்ளோதான் நடக்க வேண்டும். டேப் சுற்றிய ஒட்டு ஒன்று சுவருக்குள் புதைந்துவிட்டால், முதல் ஈரத்திலேயே அது கசியத் தொடங்கும்.

பழைய தாழ்வான பாக்ஸ்களை என்ன செய்வது? வெறும் மூடி போட்டுவிட்டுப் போவது ஆபத்து. உள்ளே ஃபேஸ் வயர் உயிரோடு இருக்கும். தண்ணீர் வந்தால் மூடியின் இடுக்கு வழியாகப் புகும். மேல் முனையில் இணைப்பைக் கழற்றி, வயரை முழுதாக உருவி எடுத்த பிறகு, தரைப் பைப்பின் இரண்டு வாயையும் அடைத்து, பாக்ஸை சிமென்ட் கலவையால் பூசிவிட வேண்டும். வயர் உருவ வராவிட்டால், அதை இரு முனையிலும் துண்டித்தது உறுதியான பிறகே மூடலாம்.

வெளியிலிருந்து வரும் மோட்டார் வயரும் கேட் விளக்கு வயரும் தண்ணீருக்கு இன்னொரு வாசல். மண்ணுக்குள் போகும் பைப் நேராகச் சுவரடியில் துளைத்து வீட்டுக்குள் நுழைந்தால், தெருவில் நிற்கும் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே கசியும். அந்தப் பைப் வெளிச்சுவரில் ஏறி, கோட்டுக்கு மேலே வந்து, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்த சரிவில் உள்ளே நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வயரில் வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியும் அதே உயரத்துக்கு ஏற வேண்டும்.

மின்வாரிய மீட்டர் மட்டும் வீட்டுக்காரரோ எலெக்ட்ரீஷியனோ கை வைக்கக் கூடாத பொருள். அது கோட்டுக்குக் கீழே இருந்தால், இடம் மாற்றித் தரும்படி பகுதி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சீலை உடைத்து நாமே தூக்கி மாட்டுவது குற்றம். தெருப்பக்கத்து வயர் உயிரோடு இருப்பதால் ஆபத்தும்கூட.

மிச்சமிருப்பது இன்வெர்ட்டர். வெள்ள வீட்டில் பலரும் மறந்துவிடும் பொருள் இது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம், தெருவிலேயே கரன்ட் இல்லை என்று நிம்மதியாக இருக்கும்போது, இன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்: விளக்கு, ஃபேன் பாயின்டுகளுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அதுவும் தரையில் இருந்தால் முதலில் மூழ்குவதும் அதுதான். நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் அதற்குச் சரியான இடம் படிக்கட்டின் மேல் அறை. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதால் சுவரில் ஆணியடித்த பலகை தாங்காது. கான்கிரீட் தளமோ செங்கல் மேடையோ வேண்டும். சார்ஜ் ஆகும்போது பேட்டரி ஹைட்ரஜன் வெளிவிடும். அறைக்கு ஜன்னலோ காற்றுத் துளையோ கட்டாயம். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையிலான தடித்த வயர் குட்டையாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டும் சேர்ந்தே மேலே போக வேண்டும். இன்வெர்ட்டரின் வெளியீட்டுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று அங்கேயே இருக்கட்டும்.

அதே படிக்கட்டுத் திருப்பத்தில் வீட்டின் மெயின் இணைப்புக்கும் ஒரு இரட்டைத் துருவ ஐசொலேட்டர் வைப்பது, இந்த வேலை முழுவதிலும் உயிரோடு நேரடித் தொடர்புள்ள செலவு. வாசல் எம்சிபி பெட்டி 5 அடியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொட வேண்டியிருக்கும். ஈரக்காலோடு, ஈரக்கையோடு செய்யக் கூடாதது அது ஒன்றுதான். தெருத் தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டதும், காய்ந்த படியில் நின்றபடியே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும். ஏற்கெனவே கரன்ட் போயிருந்தாலும் அணைக்க வேண்டும். மின்வாரியம் பாதுகாப்புக்காக நிறுத்திய இணைப்பு, தெரு வடிந்த பிறகு திரும்பி வரும். அப்போது வீட்டுக்குள் ஈரம் இன்னும் இருக்கும்.

இரண்டு குழுவாகப் பிரித்ததன் பலன் தண்ணீர் வடிந்த பிறகு தெரியும். உயரமான குழுவின் வயரை மெக்கர் கருவியால் 500 வோல்ட்டில் சோதித்து, காப்புத்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருந்தால், முதல் நாளே விளக்கும் ஃபேனும் ஓடலாம். நல்ல வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். தாழ்வான குழு அணைந்தே இருக்கும். அதில் மூழ்கிய பிளக், சுவிட்ச் எல்லாம் புதிதாக மாற வேண்டும். எம்சிபியோ ஆர்சிசிபியோ நனைந்திருந்தால் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது, உள்ளே சேறு ஒட்டிய பொறிமுறை தேவையான நேரத்தில் விழாமல் போகலாம். வயரின் முனையைப் பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டிவிட்டு, மீண்டும் மெக்கர் வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கோடு ஐந்து அடிக்கு மேல் இருக்கும் வீட்டில் பிளக்கைத் தூக்கிக்கொண்டே போவதில் பொருளில்லை. அங்கே எம்சிபி பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய், தரைத்தளம் முழுவதையும் ஒரே சுவிட்சில் துண்டிக்கும்படி தனிக் குழுவாக்குவதே வழி. வாடகை வீட்டில் சுவரை வெட்ட முடியாது. கேசிங் ஓட்டுவதற்கு வீட்டுக்காரர் சம்மதிப்பது எளிது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால் செப்டம்பருக்குள் முடிப்பது நல்லது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் சமயத்தில் செய்தால் பூச்சு வேலைச் செலவு தனியாக வராது. அரசின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனிடம் வேலையைக் கொடுத்து, முடிந்ததும் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: சுவரைப் பூசும் முன் எடுத்த போட்டோக்கள், எந்த எம்சிபி எதற்கு என்று பெட்டிக்குள் ஒட்டிய தாள், ஒவ்வொரு சர்க்யூட்டின் மெக்கர் அளவு, ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி இரண்டும் விழுவதைக் கண்ணெதிரே காட்டுவது. அந்தப் பொத்தானை அதன்பின் மாதம் ஒருமுறை வீட்டில் உள்ளவர்களே அழுத்திப் பார்க்க வேண்டும். விழாத ஆர்சிசிபியை அன்றே மாற்றிவிட வேண்டும்.